பதினொரு பிரேம்கள்

ஆறாவது ரீல் பாதிக்கு மேல் ஒட்டிப்போய் வந்திருந்தது. 1938இல் எடுத்த படம், நைட்ரேட் பிலிம். ஈரமும் வெக்கையும் மாறி மாறிப் பட்டால் இந்த வகைப் பிலிம் முதலில் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூளாக உதிர்ந்துவிடும். திருவாரூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் வீட்டுப் பரணில் கிடைத்தது இந்தப் பிரதி. வேறு பிரதி எங்கும் அகப்படவில்லை. நெகட்டிவும் இல்லை. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய படங்களைக் கழுவி விற்ற காலம் ஒன்று இருந்தது. எத்தனையோ படங்கள் அப்படிப் போயின.

சாலிகிராமத்து லேபில் கோமதியும் உதவியாளர் செல்வமும் அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்கள். கிழிந்த துளைகளுக்கு ஒட்டுப்போட்டு, ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, ஒவ்வொரு பிரேமையும் ஸ்கேன் செய்தார்கள். கோமதியின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

தூசியை எடுக்கும் மென்பொருளுக்குத் தெரிந்தது ஒரே கணக்கு. ஒரு பிரேமில் இருக்கும் புள்ளி, முந்தைய பிரேமிலும் அடுத்த பிரேமிலும் இல்லையென்றால் அது அழுக்கு. கோமதிக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. மூன்றாவது ரீலில் கதாநாயகி தலையைத் திருப்பும்போது மூக்குத்தி ஒரே ஒரு பிரேமில் பளிச்சிடும். மென்பொருள் அதைத் துடைத்துவிட்டது. கல்யாணக் காட்சியில் தூவிய அட்சதையிலும் பாதியைக் காணவில்லை. அவற்றையெல்லாம் கோமதி கையால் மீட்டாள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை; காமிரா பார்த்ததை எடுக்க யாருக்கும் உரிமையில்லை, அவ்வளவுதான்.

ஆறாவது ரீலில் வந்தது வேறு மாதிரியான விஷயம்.

ஒரு வீட்டுக் கூடம். அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து மகளிடம் பேசுகிறார். பின்சுவரில், இருவருக்கும் நடுவே, ஒரு வெள்ளைத் திட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எமல்ஷன் உரிந்திருக்கிறது அக்கா" என்றான் செல்வம்.

கோமதி பிரேம் பிரேமாகப் பார்த்தாள். தானாக உரிந்தால் ஓரம் கந்தலாக இருக்கும். இது கூரான ஏதோ ஒன்றால் சுரண்டியது. ஊசியாக இருக்கலாம். கோடுகள் மேலிருந்து கீழாக நெருக்கி இழுக்கப்பட்டிருந்தன. முதல் சில பிரேம்களில் கை பழகவில்லை. கோடு சுவரைத் தாண்டி அப்பாவின் தோள்வரை ஓடியிருந்தது. போகப்போக நிதானம் வந்துவிட்டது. ஐம்பதாவது பிரேமுக்கு மேல் ஒரு கோடுகூடச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் சட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. ஒரு பிரேம் தபால்தலை அளவு. அதில் சுவரிலிருந்த அந்தப் படம் மிளகைவிடச் சிறியது.

காட்சி ஒன்பது வினாடி. இருநூற்றுப் பதினாறு பிரேம்கள். இருநூற்றைந்தில் சுரண்டியிருந்தது. கடைசிப் பதினொன்றில் இல்லை. அந்தப் பதினொன்றிலும் சுவரில் காந்தி இருந்தார்.

படம் வெளியான ஆண்டில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை இருந்தது. சுவரில் காந்தி படத்தை மாட்டிக் காட்சி எடுக்கத் தயக்கம் இருந்திருக்காது. 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது. போர்க்காலத் தணிக்கை இறுகியது. அதற்குப் பிறகும் இந்தப் பிரதி ஊர் ஊராக ஓடியிருக்க வேண்டும்.

"காட்சியையே வெட்டியிருக்கலாமே. ஐந்து நிமிட வேலை" என்றான் செல்வம்.

"வெட்டினால் வசனம் போய்விடும். ஒலிப்பட்டையைப் பார்."

பிலிமின் ஓரத்தில் ஒலிப்பட்டை ஒரு கீறலும் இல்லாமல் முழுதாக இருந்தது. அப்பா பேசும் ஒரு சொல்லும் சிதைய வேண்டாமென்று நினைத்த யாரோ, விளக்கொளியில் பிலிமைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சுரண்டியிருக்கிறார். ஆபரேட்டரா, விநியோகஸ்தரின் ஆளா, தெரியாது.

"கடைசியில் கை வலித்து விட்டிருப்பார்."

"இருக்கலாம். ஆனால் இருநூற்றைந்தாவது பிரேமைப் பார். இருப்பதிலேயே சுத்தமான வேலை அதுதான்."

தயாரிப்பாளரின் பேரன் மறுநாள் வந்தார். இந்த வேலைக்குத் தன் கைப்பணத்தைப் போட்டவர். தாத்தாவின் படங்களில் இது ஒன்றுதான் மிஞ்சியது என்று சொல்லும்போதெல்லாம் குரல் கம்மும். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதைச் சரிசெய்ய முடியாதா?"

"முடியும் சார். சுலபம். காமிரா அசையவில்லை. அந்தப் பதினொரு பிரேமில் இருக்கும் காந்தியை எடுத்து மற்றதிலெல்லாம் பொருத்திவிடலாம். ஒரு பொழுது வேலை."

"அப்புறம் என்ன?"

"வேண்டாம் என்று நினைக்கிறேன்."

அவர் முகம் சுண்டியது. "மேடம், அந்தப் படத்தை அங்கே மாட்டியது என் தாத்தா. எவனோ பயந்துபோய் அழித்திருக்கிறான். அழித்தவன் பக்கம் நிற்கிறீர்களா?"

கோமதியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்ற ரீல்களில் ப்ரொஜெக்டர் போட்ட கோடுகளையெல்லாம் அவளே அழித்திருக்கிறாள். எண்ணெய்க் கறையை, பூஞ்சையை, மோசமான ஒட்டுகளை அழித்திருக்கிறாள். அவையும் இந்தப் பிரதி பட்ட பாடுதான். ஆனால் அவை யாரும் நினைத்துச் செய்தவை அல்ல.

"பயந்துதான் செய்திருப்பார்" என்றாள். "கொட்டகையை மூடினால் சாப்பாடு கிடையாது என்ற பயமாக இருக்கும். நான் காந்தியை எல்லாப் பிரேமிலும் பொருத்திவிட்டால், பார்ப்பவர்களுக்கு அது சாதாரணச் சுவர்ப்படம். அதற்கு ஒரு காலத்தில் என்ன விலை இருந்தது என்று தெரியாது. இந்தப் பதினொன்றும் இருநூற்றுப் பதினாறில் கரைந்துபோகும்."

"ஸ்கேன் செய்த மூலத்தை அப்படியே வைத்திருக்கிறீர்களே. அதில் இருக்கட்டும்."

"அது டேப்பில் போய் அலமாரியில் உட்கார்ந்துவிடும் சார். என்னைப் போல நான்கு பேர் பார்ப்போம். ஜனங்கள் பார்க்கப்போவது தியேட்டரில் ஓடுவதை."

அவர் சமாதானமாகவில்லை. கோமதி மேற்கொண்டு வாதாடாமல் விளக்கை அணைத்து, பெரிய திரையில், சரியான வேகத்தில், ஒலியோடு ஓட்டினாள். அப்பா பேசினார். அவர் தலைக்குப் பக்கத்தில் வெள்ளைத் திட்டு கொதிக்கும் எண்ணெய் மாதிரித் துள்ளிக்கொண்டே இருந்தது. கண்ணை அந்தப் பக்கமே இழுத்தது. காட்சி முடியும் தறுவாயில் துள்ளல் நின்றது. அரை வினாடிக்கும் குறைவான நேரம், பொக்கை வாய்ச் சிரிப்போடு கிழவர் சுவரில் இருந்தார். பிறகு அடுத்த காட்சி வந்துவிட்டது.

பேரன் நாற்காலியில் முன்னால் நகர்ந்திருந்தார். "இன்னொரு தடவை போடுங்கள்."

மீண்டும் ஓட்டினாள்.

"கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்குமா?"

"இப்போது உங்களுக்குத் தெரிந்ததே."

அவர் நெடுநேரம் பேசவில்லை. "வேண்டுமென்றே விட்டிருப்பாரோ?"

"அதைச் சொல்ல ஆதாரம் ஒன்றும் இல்லை சார். சொல்லவும் மாட்டேன். அறிக்கையில், இத்தனையாவது பிரேம் முதல் இத்தனையாவது பிரேம்வரை கையால் சுரண்டியது, தொடவில்லை என்று மட்டும் எழுதுவேன்."

"படத்துக்கு முன்னால் ஒரு கார்டு போட்டுவிடலாமா? இல்லாவிட்டால் உங்கள் வேலையில் குறை என்று நினைப்பார்கள்."

"நினைக்கட்டும். கார்டு போட்டால் அதை எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்."

அவர் எழுந்து திரைக்கு அருகில் போனார். நிறுத்திவைத்த பிரேமில் காந்தியின் நெற்றிமேல் ஒரு கரும்புள்ளி இருந்தது.

"அந்தப் பதினொன்றில் இருக்கும் தூசியையாவது எடுப்பீர்களா?"

"எடுப்பேன்" என்றாள் கோமதி. "அது தூசிதான்."

செல்வம் மென்பொருளைத் திறந்தான். அதை மூடச் சொல்லிவிட்டு, அவளே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.