ஓடு ஒட்டாமல் முட்டை உரிக்க: 6 நிமிடம் முதல் 12 நிமிடம் வரை வேகவைத்து வெட்டிப் பார்த்தோம்

ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வருகிறதா? பெரும்பாலும் காரணம், முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது. தண்ணீர் மெதுவாகச் சூடேறும்போது வெள்ளைக்கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டியபடியே இறுகிவிடும். கொதிக்கிற தண்ணீரில் இறக்கினால் வெளிப்பக்கம் சட்டென்று இறுகி, தோலை விட்டு விலகும்.

விஷயம் இவ்வளவுதான். அவசரமென்றால் இங்கிருந்தே அடுப்படிக்குப் போகலாம். எழுதிப் புரியவைக்க முடியாததைத்தான் வீடியோவில் காட்டியிருக்கிறோம்: ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த 6 முட்டை (ஒவ்வொன்றும் சுமார் 55 கிராம்), ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரே பாத்திரம். 6, 7, 8, 9, 10, 12 நிமிடங்களில் ஒவ்வொன்றாக எடுத்து, குளிர்ந்த நீரில் போட்டு, குறுக்கே வெட்டி வரிசையாக வைத்திருக்கிறோம். 6-இல் மஞ்சள்கரு ஓடுகிறது. 8-இல் ஜாம் பதம். 10-இல் நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம். 12-இல் முழுக்க வெந்துவிட்டது.

0:00 முட்டை, தண்ணீர், பாத்திரம்
0:50 உடையாமல் இறக்குவது
2:15 ஆறு முட்டையும் வெட்டியபடி, அருகருகே
4:10 உரிக்கும் முறை
5:40 மஞ்சள்கருவைச் சுற்றி வரும் பச்சை வளையம்
6:30 நேரம் எப்போது மாறும்

நேரமில்லாதவர்கள் 4:10-லிருந்து பார்த்தால் போதும். மழுங்கிய முனையில் காற்றறை இருக்கும். அங்கே தட்டி, லேசாக உருட்டி, தண்ணீருக்குள் வைத்து உரிக்க வேண்டும். விரல் எந்தக் கோணத்தில் தோலுக்கு அடியில் நுழைகிறது என்பதைக் கிட்டத்திலிருந்து எடுத்திருக்கிறோம்.

0:50-இல் ஒரு முட்டை விரிசல் விடும். கரண்டி இல்லாமல் மேலிருந்து விட்டதால் வந்த வினை. அந்தக் காட்சியை வீடியோவிலிருந்து வெட்டி எடுக்கவில்லை, அந்த முட்டைக்குப் பதில் வேறு ஒன்றைப் போட்டோம். முட்டை இறங்கியதும் தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதித்தால் ஒன்றோடொன்று மோதி உடையும்.

பச்சை வளையம் கெட்டுப்போன அறிகுறி அல்ல. அதிக நேரம் வெந்ததில், வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்ததுதான் அது. நேரம் முடிந்தவுடன் ஐஸ் தண்ணீரில் போட்டால் வராது.

இன்னும் சில:

முட்டை மிகப் புதிது என்றால் இந்த முறையிலும் கொஞ்சம் ஒட்டலாம். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், ஒட்டுதல் குறையும். ஒரு வாரம் ஆன முட்டை உரிக்கச் சுலபம்.

65 கிராம் முட்டைக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் கூட்டுங்கள். மலைப்பகுதியில் தண்ணீர் 100 டிகிரிக்குக் குறைவாகவே கொதிப்பதால் இன்னும் அதிகம் ஆகும்.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்களுக்கு மஞ்சள்கரு ஓடும் பதம் வேண்டாம். 12 நிமிட முட்டையே கொடுங்கள்.

உங்கள் முட்டை வேறு நேரத்தில் வெந்தால், எடையையும் நிமிடத்தையும் கமென்டில் எழுதுங்கள்.

#முட்டை #வேகவைத்தமுட்டை #சமையல்குறிப்பு