ஈறு நோய், சர்க்கரை நோய், இதய நலம்: ஈறு சிகிச்சைக்கு வந்திருப்பவர்களுக்கான விளக்கம்

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் இரத்தம் தெரிந்தால், பிரஷ் குத்திவிட்டது என்று எண்ணி அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுபவர்கள் பலர். உண்மையில் அங்கேதான் பெரும்பாலும் துலக்கம் போதாமல் இருக்கிறது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதை அகற்றாவிட்டால் இறுகிக் காரையாகிறது, ஈறு சிவந்து வீங்குகிறது. இந்த அளவில் கவனித்தால் ஈறு முழுமையாகத் தேறிவிடும். அழற்சி உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டாலோ, மேலும் கரையாமல் தடுக்கலாமே தவிர, போன எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. புகைபிடிப்பவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் இரத்தக் கசிவு குறைவாகவே இருக்கும். ஆகவே கசிவு இல்லை என்பதை அவர்கள் நல்ல அறிகுறியாகக் கொள்ள வேண்டாம்.

பரிசோதனையின்போது பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெல்லிய அளவுகோலைச் செலுத்தி, மருத்துவர் எண்களைச் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டிருப்பீர்கள். அவை அந்த இடைவெளியின் ஆழத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை. 1 முதல் 3 வரை இயல்பு. 5, 6 என்று வந்தால், அந்த ஆழத்தை உங்கள் பிரஷ் எட்டாது. அங்கே படிந்திருப்பதை நாங்கள்தான் சுத்தம் செய்தாக வேண்டும்.

சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது. இரத்தச் சர்க்கரை தொடர்ந்து உயர்ந்திருந்தால் தொற்றை எதிர்க்கும் திறன் குறைகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது, ஈறு நோய் வேகமாக முற்றுகிறது. மறுபுறம், ஈறில் நீடிக்கும் அழற்சியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் இன்சுலின் செயல்படுவதைத் தடுப்பதால், மாத்திரையைத் தவறாமல் உட்கொள்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் வராமல் போகலாம். ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில், கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறிய எண்ணாகத் தோன்றினாலும் மருத்துவத்தில் இது பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் இதை நம்பிச் சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது.

இதயத்தைப் பொறுத்தவரை சற்று நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஈறு நோய் உள்ளவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. இரத்தக் குழாய்களில் படியும் கொழுப்புத் திட்டுகளில் ஈறுக் கிருமிகளின் தடயங்களும் கிடைத்துள்ளன. ஆயினும் ஈறு நோயே மாரடைப்பை உண்டாக்குகிறது என்றோ, ஈறைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்றோ இதுவரை நிரூபிக்கப்படவில்லை. புகையும் சர்க்கரை நோயும் ஈறு நோய், மாரடைப்பு இரண்டுக்குமே பொதுவான காரணங்கள் என்பதையும் மறக்கலாகாது. ஈறைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று உறுதி கூறி யாரேனும் சிகிச்சைக்கு அழைத்தால் நம்ப வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் அண்மைய எச்பிஏ1சி முடிவையும் எடுத்து வாருங்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டிருந்தாலோ, இதய உட்சுவரில் முன்பு தொற்று ஏற்பட்டிருந்தாலோ, சுத்தம் செய்வதற்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும் என்பதால் முதலிலேயே தெரிவியுங்கள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்வதுண்டு. அப்படியிருந்தால் மாற்று மருந்து குறித்து உங்கள் மருத்துவருக்கு நாங்களே எழுதுவோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வழக்கமான உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.