பொருள்: பிப்ரவரி 8 ஆசிரியர் மாநாடு – பொருள் பட்டியல், அளவு, கொண்டுவரும் நேரம் (உறுதி செய்து பதில் போடவும்)

பெறுநர்: சமையல் மாஸ்டர், மளிகை, காய்கறி, டீக்கடை, தண்ணீர், பந்தல்–நாற்காலி, ஜெனரேட்டர்–ஒலிபெருக்கி, அச்சகம்
தேதி: 2-2-2026, திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நேற்றுத் தைப்பூச வேலையில் உங்களில் பாதிப் பேர் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் நேற்றே அனுப்பாமல் இன்று அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு, பிப்ரவரி 8, காலை 8:30க்கு மாநாடு தொடங்குகிறது. பதிவு செய்தவர்கள் 180 பேர். தொண்டர்கள், பெகுவிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் வண்டி ஓட்டி வருபவர்கள், மண்டபத்து ஆட்கள் எல்லாரையும் சேர்த்துச் சாப்பாடு 220 பேருக்கு. இந்த எண் இனி மாறாது. மாறினால் வியாழன் மாலைக்குள் நானே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்வேன். வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தனித்தனியாக எழுதாமல் எல்லாருக்கும் ஒரே கடிதமாக அனுப்பக் காரணம் உண்டு. மண்டபத்துச் சந்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நிற்க முடியும். மற்றவர் எப்போது வருகிறார் என்று உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அளவு பற்றி. போன வருடம் நான் கைப்பட எழுதிய சீட்டில் "பருப்பு 5" என்று மட்டும் இருந்தது. நான் நினைத்தது விசை. கடையில் கட்டியது கிலோ. 5 விசை என்றால் 8 கிலோவுக்கு மேல். வந்தது 5 கிலோ. கடைசிப் பந்தியில் சாம்பார் ரசம் மாதிரி இலையை விட்டு ஓடியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை, எழுதிய என் மேல்தான் தப்பு. ஆகவே இந்தக் கடிதத்தில் கிலோ என்ற பேச்சே இல்லை. எடையெல்லாம் விசை (1 விசை = 1.633 கிலோ), அரிசி பியி, டீசல் கேலன். பில் போடும்போதும் எண்ணுக்குப் பக்கத்தில் இதையே எழுதுங்கள்.

மளிகை பாய்க்கு:

சாப்பாட்டு அரிசி, ஏமத்தா – 14 பியி
இட்லி அரிசி – 10 பியி
முழு வெள்ளை உளுந்து – 6 விசை (இட்லிக்கு 3, வடைக்கு 3)
துவரம்பருப்பு – 4 விசை
கடலை எண்ணெய் – 7 விசை
சர்க்கரை – 4 விசை
சேமியா – 2 விசை
புளி – 1 விசை
அப்பளம் – 250
உப்பு, மிளகாய், மல்லி, கடுகு, பெருங்காயம் – மாஸ்டர் தரும் சீட்டின்படி

பாய், மூன்று விஷயம். சாப்பாட்டுக்குப் பவ்சான் வேண்டாம். வாசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒட்டும். சாம்பார் ஊற்றிப் பிசைந்தால் களியாகிவிடும். விலை கூடின அரிசியைப் போட்டு மரியாதை செய்கிறேன் என்று தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். உளுந்து நம் நாட்டு உளுந்தே போதும். இங்கே விளைந்து இந்தியாவுக்குக் கப்பலில் போவதும் அதுதான். பாக்கெட்டில் திரும்பி வருவதைத் தேடி அலைய வேண்டாம். எண்ணெயில் பாமாயில் கலப்பு கூடாது. வடை போடும்போது மாஸ்டர் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் எனக்குத்தான் திட்டு.

இட்லி அரிசியும் உளுந்தும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மண்டபத்துச் சமையற்கட்டில் இருக்க வேண்டும். மற்ற மளிகை அன்று பகல் 2 மணிக்கு வந்தால் போதும். இந்த 8 மணியைத்தான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால்:

9 மணிக்கு ஊறப்போட்டால் 1 மணிக்கு அரைக்கலாம். மாஸ்டரின் இரண்டு கிரைண்டரும் ஓடினால் 4 மணிக்குள் மாவு அண்டாவுக்குப் போகும். இந்த மாதத்து இரவுக் குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது, குறைந்தது 12 மணி நேரம் வேண்டும். ஞாயிறு விடிகாலை 5 மணிக்கு முதல் தட்டு ஏறினால்தான் 7:30க்கு 900 இட்லி தயாராகும். உளுந்து ஒரு மணி நேரம் பிந்தினால் இட்லி கல்லாகும். கல்லான இட்லியைத் தின்றுவிட்டு எந்த ஆசிரியர் கருத்தரங்கில் உட்காருவார்?

சரி, அரைக்கக் கரண்ட் வேண்டுமே. முறை வைத்து வருகிற கரண்டை நம்பி உளுந்தை ஊறப்போட முடியாது. அதனால் ஜெனரேட்டர் தம்பி, போன வாரம் நாம் பேசிய "சனி மாலை 6 மணி" இப்போது சனி பகல் 12 மணி ஆகிவிட்டது. 20 கேவிஏ, சத்தம் குறைந்த பெட்டி வகை, டீசல் 12 கேலன். சனி பகலில் ஐந்து மணி நேரம், ஞாயிறு விடிகாலை 4 முதல் மாலை 5 வரை, இரண்டும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். கரண்ட் இருக்கும் நேரம் நிறுத்திவிடுங்கள். மிச்சமான டீசலை நீங்களே எடுத்துக்கொண்டு பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். டீசல் விலை நாளுக்கு ஒன்றாக இருப்பதால், வாங்கிய அன்றைய பம்ப் ரசீதைக் கொடுங்கள், அந்த விலையையே தருகிறேன். கூடுதல் நாளுக்கான வாடகையை இந்தக் கடிதத்துக்குப் பதிலில் எழுதுங்கள். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

இன்னொன்று. காலை 10 மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் ஜூமில் பேசுகிறார். அவருக்கு அது 9 மணி. நமக்கும் அவர்களுக்கும் சரியாக ஒரு மணி நேரம் வித்தியாசம். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடியில் ரவுட்டர் அணைந்தால், மறுபடி இணைப்பு வர ஐந்து நிமிடம் ஆகும். ஆகவே ரவுட்டர், புரொஜெக்டர், மடிக்கணினி மூன்றுக்கும் யுபிஎஸ் ஒன்று (1 கேவிஏ) உங்கள் பொறுப்பில் வர வேண்டும். மைக்கில் கம்பியில்லாதது 2, கம்பியுள்ளது 2. பேட்டரி புதிது. ஞாயிறு காலை 6:30க்கு ஒலிச் சோதனை.

காய்கறி அக்காவுக்கு: வெங்காயம் 8 விசை, உருளைக்கிழங்கு 6 விசை, தக்காளி 6 விசை, கத்தரிக்காய் 5 விசை, கேரட் 4 விசை, முட்டைக்கோஸ் 6 விசை, முருங்கைக்காய் 60, தேங்காய் 30, கறிவேப்பிலையும் மல்லித்தழையும் நீங்கள் பார்த்து. சனி மாலை 5 மணி. தயிர் 12 விசை மட்டும் ஞாயிறு காலை 8 மணிக்கு. முந்தின நாள் தயிர் மோருக்கு ஆகாது.

வாழையிலையும் உங்களிடம்தான்: 240. ஆளுக்கொன்று 220, கிழிசலுக்கு 20. மூங்கில் கூடையில் ஈரச் சாக்கு மூடி ஞாயிறு காலை 9:30க்கு. அதற்கு முன் வந்தால் வைக்க நிழல் இல்லை, வெயிலில் விளிம்பு சுருண்டுவிடும். நுனி கிழிந்த இலையைத் தலைவாழை என்று அடுக்கின் அடியில் வைக்காதீர்கள், அக்கா. நான் அடியிலிருந்துதான் எண்ணுவேன்.

சமையல் மாஸ்டர் அண்ணனுக்கு: காலை 7:30 இட்லி (ஆளுக்கு 4), வடை 240, சாம்பார், தேங்காய்ச் சட்னி. பகல் 12:30 சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், ரசம், கத்தரிக்காய்க் கூட்டு, கோஸ் பொரியல், அப்பளம், சேமியா பாயசம், மோர். முழுக்கச் சைவம். உங்கள் ஆட்கள் ஏழு பேர் என்றீர்கள், பரிமாற எங்கள் தொண்டர்கள் பன்னிரண்டு பேர். பாயசத்துக்கான பால் டீக்கடையிலிருந்து 11 மணிக்கு உங்கள் கைக்கு வரும், 12 லிட்டர்.

டீக்கடை அண்ணன் அந்தப் பாலோடு மூன்று வேளை டீ பார்த்துக்கொள்கிறார்: 7:30, 10:45, மாலை 4. ஒவ்வொரு முறையும் 220 கோப்பை, பாதிக்குப் பாதி சர்க்கரை குறைவு. 4 மணிக்குச் சமூசா 240. சூடாக வேண்டும், 3:30க்கு முன் பொரிக்க வேண்டாம்.

தண்ணீர்: 20 லிட்டர் கேன் 30. குடிக்க 22, சமையலுக்கு 8. எட்டு கேன் சனி காலை 8:30க்கு, ஊறப்போட அதுதான் வேண்டும். மிச்சம் சனி மாலை 6. காலிக் கேன்களைத் திங்கள் காலை எடுத்துக்கொள்ளலாம்.

பந்தல் தம்பிக்கு: நாற்காலி 260, ஆறடி மேசை 24. அரங்கில் 180, மேடையில் 8, சாப்பாட்டுக் கூடத்தில் 72. மேசைக்கு மூன்று இலை, ஒரு பக்கம் மட்டும். அப்படிப் போட்டால் மூன்று பந்தியில் ஏறக்குறைய முடியும். அரங்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாப்பிட ஓடுகிற கதை இந்த முறை வேண்டாம். சனி பகல் 3:30. கால் ஆடும் நாற்காலிகளைக் கடையிலேயே கழித்துவிடுங்கள்.

அச்சகத்துக்கு: கோப்பு 190, பெயர் அட்டை 190, மேடை வினைல் 12 அடிக்கு 4 அடி ஒன்று, வழிகாட்டி அட்டை 6. நீங்கள் அனுப்பிய மாதிரியில் "கொ" என்ற எழுத்து கொம்பு தனி, கால் தனியாகப் பிரிந்து வந்திருக்கிறது. பர்மியப் பெயர்களும் குழம்பியிருக்கின்றன. பர்மியப் பெயர்கள் குழம்பக் காரணம் உங்கள் கணினியில் இன்னும் ஸோஜி எழுத்துரு இருப்பதுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் கொடுத்தது யூனிகோடு. இன்று மாலை எழுத்து பதித்த பிடிஎஃப் அனுப்புகிறேன், அதையே அப்படியே அடியுங்கள், திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். புதன் பகல் ஒரு பெயர் அட்டையையும் வினைலின் ஒரு மூலையையும் தாளில் எடுத்து வையுங்கள், நான் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மிச்சத்தை ஓட்டலாம். சனி மாலை 4:30க்குப் பொருள் வர வேண்டும். யாங்கோனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓடாது என்பதால் டாக்சியோ சைக்காவோ பேசிவிடுங்கள், கூலி எங்களுடையது.

வண்டிகள் எல்லாம் அனோரதா சாலைப் பக்கமிருந்து நுழைந்து மறுமுனையில் வெளியேறட்டும். இறக்க அரை மணி நேரம். முந்தி வந்தவர் சாலையில் காத்திருக்கட்டும், பிந்துகிறவர் முன்கூட்டியே வைபர் குழுவில் ஒரு வரி போடட்டும். இறக்கும்போது எங்கள் ஆள் எண்ணிப் பார்த்து, உங்கள் சீட்டில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்தில்லாத சீட்டுக்குப் பணம் இல்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கும் கணக்குக் கேட்கிற குழு ஒன்று மேலே இருக்கிறது.

முன்பணம் 40 சதவீதம் எல்லாருக்கும் போன வெள்ளியே வந்திருக்கும். மீதி திங்கள், 9ஆம் தேதி மாலைக்குள், கையிலோ கேபிஇசட் பேயிலோ, எப்படி வேண்டும் என்று எழுதுங்கள்.

புதன்கிழமை பகல் 12 மணிக்குள் "பார்த்தேன், சரி" என்று ஒரு வரி போதும். ஏதாவது பொருள் கிடைக்காது, நேரம் ஒத்துவராது என்றால் அதையும் அதற்குள் சொல்லுங்கள். மளிகை பாயும் ஜெனரேட்டர் தம்பியும் மட்டும் இன்றே பதில் போட வேண்டும். உங்கள் இருவரின் நேரம்தான் மாறியிருக்கிறது.

இப்படிக்கு,
பொருள் ஏற்பாட்டுப் பொறுப்பாளர்,
தமிழ்ப் பள்ளி ஆசிரியர் மாநாட்டுக் குழு, யாங்கோன்

பி.கு.: மாஸ்டர் அண்ணன், இரண்டாவது கிரைண்டரின் ஒயர் போன முறை தீய்ந்த வாடை அடித்தது. சனிக்கிழமைக்கு முன் மாற்றிவிடுங்கள்.