அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக விமானத்தில்

பலாலியிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்ட விமானத்தில் எடுத்த படம் இது. யன்னலோரம் இருப்பவர் அப்பா; அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பவர் அம்மா. வட்டக்கச்சியில் காலபோக நெல்லை வெட்டி விற்று முடித்த கையோடு, தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க வேண்டும் என்ற அம்மாவின் நெடுநாள் ஆசைக்காகப் புறப்பட்டோம்.

படியேறி வாசலை அடைந்ததும் அம்மா விமானத்தின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வரவேற்க நின்ற பணிப்பெண்ணும் கைகூப்பினார். அப்பாவுக்கோ இயந்திரத்தின் மேல்தான் கண். காற்றாடியில் ஆறு இதழ்கள் இருப்பதை எண்ணிவைத்திருந்தவர், அது சுழலத் தொடங்கி இதழ்கள் கண்ணுக்குத் தெரியாமற்போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓடுபாதையில் இரைச்சல் கூடியபோது மட்டும் அவருடைய கை அம்மாவின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. கிபிர்ச் சத்தம் கேட்டதும் எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடிய கை அது என்பதால், நான் அதைப் படம் எடுக்கவில்லை.

மேலெழுந்த சில நொடிகளில், இறக்கைக்குக் கீழே தெரிந்த சில்லுகள் மெல்ல மடிந்து விமானத்தின் வயிற்றுக்குள் போவதைக் கண்ட அப்பா, ஆண்டுக்கணக்காக லான்ட்மாஸ்டரைத் தானே கழற்றிப் பூட்டிய மனிதருக்குரிய அக்கறையுடன், "இறங்கேக்க திரும்ப வெளியில வருமோ?" என்று கேட்டார். வரும் என்று நான் சொன்னதில் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்றே நினைக்கிறேன். திருச்சியை நெருங்கி அவை வெளியே வரும்வரை அந்த இடத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடலின் மேல் விமானத்தின் நிழல் தனியாக ஓடுவதை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. காது அடைத்ததைக்கூட மறந்துவிட்டு, "அங்க பாருங்கோ, நாங்கள் போறம்" என்று அப்பாவை இடித்துக் காட்டினார். கொடுத்த பிஸ்கட்டைப் பிரிக்காமல் பேரனுக்கென்று கைப்பையில் வைத்தது தனிக்கதை.

பாக்குநீரிணை முடிந்து தமிழகக் கரை தெரிந்ததும் அப்பா பேசவே இல்லை. வரம்பு வரம்பாக வயல்கள் விரிந்தன. சில வெட்டி முடிந்து வைக்கோல் நிறத்திலும், சில இன்னும் பச்சையாகவும் கிடந்தன. இரணைமடுத் தண்ணீர் எப்போது திறக்கப்படும் என்று காத்திருந்தே வாழ்நாளைக் கழித்தவர், நெடுநேரம் பார்த்த பிறகு கேட்ட ஒரே கேள்வி, "இது எந்தக் குளத்துத் தண்ணி?" என்பதுதான். குளமில்லை, காவிரியிலிருந்து கால்வாயில் வருகிறது என்றேன். "அங்கயும் தண்ணிக்குச் சண்டை இருக்குமே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் யன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது யன்னலோர ஆசனம் தனக்குத்தான் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.