இரட்டைச் சகோதரிகள், இரண்டு முகங்கள்

இத்துடன் இணைத்திருக்கும் இரண்டு படங்களை வைத்து, 11 வயது இரட்டைச் சகோதரிகள் இருவர் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்றை உருவாக்கித் தர வேண்டும். ஓவியச் சாயல் வேண்டாம். மாலை வெளிச்சம், பின்னணியில் மங்கலாகச் செடிகள், அவ்வளவு போதும். இடம், வலம் என்று கீழே சொல்வதெல்லாம் படத்தைப் பார்ப்பவரின் இடமும் வலமும்தான்.

இருவரும் ஒரே அச்சு என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படித் தெரியாது. ஒரே முகத்தை இரண்டு முறை ஒட்டாதே. இரண்டு முகங்களையும் கலந்து நடுவாந்தரமாக ஒன்றை உண்டாக்கவும் வேண்டாம். முதலில் அக்காவை முடித்துவிட்டு, அப்புறம் தங்கைக்கு வா.

இடப்பக்கம் அக்கா. முதல் படத்தில் இருப்பவள். முகம் சற்று நீளம், மோவாய் கூர்மை. புருவங்கள் மெல்லியவை, நடுவில் நல்ல இடைவெளி. இடது கன்னத்தில், மூக்கு நுனிக்கு நேராக, மிளகளவு மச்சம். வகிடு நடுவில், முடியை இறுக்கி ஒற்றைப் பின்னலாகப் போட்டிருக்கிறாள். நீலச் சட்டை. கேமராவை நேராகப் பார்க்கிறாள். வாய் மூடியிருக்கிறது, சிரிப்பு கண்ணில் மட்டும். அவள் எப்போதும் அப்படித்தான், பல் தெரியச் சிரிக்க வைத்தால் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும்.

வலப்பக்கம் தங்கை. இரண்டாம் படத்தில் இருப்பவள். கன்னம் உப்பி, முகம் வட்டமாக இருக்கும். புருவங்கள் அடர்த்தி, மூக்கை நோக்கி நெருங்கி வரும். முகத்தில் மச்சமே கிடையாது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி; வாய் திறந்து சிரிப்பதால் அது கட்டாயம் தெரிய வேண்டும். சிரிக்கும்போது வலக் கன்னத்தில் மட்டும் குழி விழும். தோள்வரை வெட்டிய முடி, வகிடு இடது ஓரத்தில். மஞ்சள் சட்டை. முகத்தைக் கொஞ்சம் திருப்பி அக்காவைப் பார்க்கிறாள்.

ஒன்றைக் கவனி: இரண்டாம் படம் செல்ஃபி. கண்ணாடியில் தெரிவதுபோல அதில் இடம் வலம் மாறிக் கிடக்கிறது. அதனால் வகிடு, கன்னக்குழி இரண்டுக்கும் அந்தப் படத்தைப் பார்க்காமல் இங்கே எழுதியிருப்பதைப் பின்பற்று. முக அமைப்புக்கும் தோல் நிறத்துக்கும் அந்தப் படமே போதும்.

இருவரின் தலைகளும் ஒட்டக் கூடாது. நடுவில் ஒரு கையளவு இடைவெளி விடு. ஒருத்தியின் முடியோ நிழலோ மற்றவள் முகத்தில் விழ வேண்டாம். அக்கா நிமிர்ந்தும் தங்கை கொஞ்சம் சாய்ந்தும் இருப்பதால் தலைகள் ஒரே உயரத்தில் வராது. இருவருக்கும் தோல் நிறம் ஒன்றே. வித்தியாசம் காட்டுவதற்காக ஒருத்தியை வெளுப்பாக்காதே. மூக்குக் கண்ணாடி, பொட்டு, தோடு என்று எதையும் நீயாகச் சேர்க்காதே.

அக்காவின் முகம் சரியாக வந்து தங்கையின் முகம் மட்டும் பிசகினால், அக்கா பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வலப்பக்க முகத்தை மட்டும் மறுபடி செய்.