உணவக முதலீட்டு உடன்படிக்கை

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆம் தேதி, பணம் போடுபவரான திரு. அன்பரசன் (இனி ‘முதலீட்டாளர்’) அவர்களும், உணவகத்தைத் தொடங்கி நடத்தப்போகும் அவருடைய நண்பர் திரு. முருகேசன் (இனி ‘உரிமையாளர்’) அவர்களும் மனமொத்து எழுதிக்கொண்ட உடன்படிக்கை என்னவென்றால்:

முதலீட்டாளர் மொத்தம் 20,00,000 ரூபாய் தருகிறார். இதில் 12,00,000 ரூபாய் இன்று உணவகத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது. மீதி 8,00,000 ரூபாய், சமையலறைச் சாதனங்களுக்கான விலைப்பட்டியல் காட்டப்பட்ட 7 நாட்களுக்குள் அதே கணக்கில் செலுத்தப்படும். இத்தொகை கடன் அல்ல. இதற்கு வட்டியோ, இன்ன தேதிக்குள் திரும்பும் என்ற உறுதியோ கிடையாது. உணவகம் நொடித்துப்போனால் முதலீட்டாளர் இழக்கக்கூடியது இந்தத் தொகையை மட்டுமே. அதற்கு மேல் கடன்காரர்களுக்கோ சரக்குத் தருபவர்களுக்கோ ஊழியர்களுக்கோ எழும் பாக்கி எதையும் உரிமையாளரே தீர்த்து, அதனால் முதலீட்டாளருக்கு ஏதும் இழப்பு நேர்ந்தால் ஈடு செய்ய வேண்டும்.

லாபம் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டு பின்னால் மனம் கசக்கக்கூடாது என்பதால் அதை இங்கேயே வரையறுத்துக்கொள்கிறோம். வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரி நீங்கலான வருவாயிலிருந்து சரக்கு, சம்பளம், வாடகை, மின்சாரம், எரிவாயு, பழுதுபார்ப்பு, உணவு விநியோகச் செயலிகளின் கமிஷன், உரிமக் கட்டணங்கள் ஆகியவற்றையும், உரிமையாளரின் உழைப்புக்கான மாதச் சம்பளம் 40,000 ரூபாயையும் கழித்து, முந்தைய காலாண்டில் நட்டம் இருந்தால் அதையும் ஈடுகட்டிய பின் மிஞ்சுவதே லாபம். உரிமையாளரின் வீட்டுச் செலவோ, அவருடைய வருமான வரியோ, அவர் குடும்பத்தார் வேலை செய்யாமல் பெறும் தொகையோ செலவுக் கணக்கில் சேராது.

உணவகம் திறந்த முதல் 6 மாதங்களுக்குப் பங்கீடு இல்லை. அக்காலத்து லாபம் முழுவதும் நடைமுறை மூலதனமாகவே இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 30 நாட்களுக்குள் கணக்கு முடிக்கப்படும். லாபத்தில் 10 சதவீதம், சேமிப்பு 3,00,000 ரூபாயை எட்டும் வரை, அவசர நிதியாக ஒதுக்கப்படும். குளிர்பதனப் பெட்டி பழுதானால் அடுத்த நாளே பணம் தேவைப்படும் தொழில் இது. எஞ்சியதில் 30 சதவீதம் முதலீட்டாளரின் லாபப் பங்காகவும், மற்றொரு 30 சதவீதம் அவர் போட்ட முதலைத் திருப்பித் தருவதாகவும் அவருக்குச் சேரும். 40 சதவீதம் உரிமையாளருக்கு. எடுத்துக்காட்டாக, லாபம் 3,00,000 ரூபாய் என்றால் ஒதுக்கீடு 30,000 போக 2,70,000 ரூபாயில் முதலீட்டாளர் லாபமாக 81,000, முதலாக 81,000 பெறுவார். உரிமையாளர் 1,08,000 பெறுவார். லாபப் பங்கை முதல் திரும்பியதாக வரவு வைக்கக்கூடாது. முதல் முழுதும் திரும்பிய பின் 3 ஆண்டுகளுக்கு மட்டும் 15 சதவீத லாபப் பங்கு தொடரும். அத்துடன் முதலீட்டாளரின் உரிமை முடியும்.

உணவகத்தை நடத்துவது முழுக்க உரிமையாளரின் பொறுப்பு. உணவுப் பட்டியல், விலை, ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது ஆகிய எதிலும் முதலீட்டாளர் தலையிடமாட்டார். ஊழியரிடம் நேரடியாக உத்தரவு சொல்லமாட்டார். தன்னைப் பங்குதாரர் என்று வெளியே சொல்லிக்கொள்ளவோ உணவகத்தின் பெயரில் கையெழுத்திடவோ மாட்டார். ஆலோசனை சொல்ல விரும்பினால் உரிமையாளரிடம் தனியாகச் சொல்லலாம். ஏற்பதும் மறுப்பதும் உரிமையாளர் விருப்பம். சாப்பிட வந்தால் மற்றவர்களைப் போலவே பில் கட்டுவார்.

எனினும், 3,00,000 ரூபாய்க்கு மேல் கடன் வாங்குவது, சாதனங்களை அடமானம் வைப்பது, வேறொரு முதலீட்டாளரைச் சேர்ப்பது, கிளை திறப்பது, உணவகத்தை விற்பது அல்லது இடம் மாற்றுவது, உரிமையாளர் தன் சம்பளத்தை உயர்த்திக்கொள்வது ஆகியவற்றுக்கு முதலீட்டாளரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். மாதந்தோறும் 10ஆம் தேதிக்குள் விற்பனைச் சுருக்கமும் வங்கிக் கணக்கு அறிக்கையும் அவருக்கு அனுப்பப்படும். ஆண்டுக்கு ஒருமுறை அவர் தன் செலவில் கணக்காய்வாளரை வைத்துக் கணக்கைச் சரிபார்க்கலாம். லாபம் 5 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டப்பட்டிருந்தால் அச்செலவையும் விடுபட்ட தொகையையும் உரிமையாளரே தர வேண்டும்.

உணவகத்தை மூட நேர்ந்தால் ஊழியர் சம்பளமும் வெளிக்கடன்களும் முதலில் தீர்க்கப்படும். பின் முதலீட்டாளரின் மீதி முதல். அதன் பிறகே உரிமையாளருக்கு. உரிமையாளர் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பியிருந்தால் அத்தொகைக்கு அவரே சொந்தப் பொறுப்பு. இருவரில் எவர் இறந்தாலும் அவருடைய வாரிசுகளுக்கு இவ்வுடன்படிக்கையின் உரிமையும் பொறுப்பும் செல்லும். முதலீட்டாளரின் வாரிசுகளுக்கும் நிர்வாகத்தில் தலையிடும் உரிமை கிடையாது.

இதை முழுதும் வாசித்துப் புரிந்துகொண்டு, சாட்சிகள் இருவர் முன்னிலையில் இரு பிரதிகளில் கையொப்பமிட்டு ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம்.

அன்பரசன், முதலீட்டாளர்
முருகேசன், உரிமையாளர்