பணி ஓய்வு அறிவிப்புக் கடிதம்

நாள்: 30.4.2026

அனுப்புநர்:
மேலாளர், பணியாளர் துறை,
நூற்பாலை அலுவலகம்

பெறுநர்:
திரு. கு. ராமலிங்கம்,
தலைமை பிட்டர், ரிங் பிரேம் பராமரிப்புப் பிரிவு

பொருள்: வயது முதிர்வு காரணமாகப் பணி ஓய்வு – கடைசி வேலை நாள் – பணப்பயன்கள் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வருகிற ஜூன் 12ஆம் தேதி தங்களுக்கு 58 வயது நிறைவடைகிறது. நம் ஆலையின் நிலையாணைப்படி அந்த மாதத்தின் கடைசி நாளான 30.6.2026 செவ்வாய்க்கிழமை மாலை தாங்கள் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறீர்கள். அன்றுவரை வழக்கமான ஊதியமும் படிகளும் உண்டு.

தாங்கள் 3.7.1995 அன்று பணியில் சேர்ந்தீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ள மாதங்கள் ஆறைத் தாண்டுவதால், பணிக்கொடைக்கு 31 ஆண்டுகளாகக் கணக்கிடப்படுகிறது. அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.31,200. அதை 26ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் வீதம் கணக்கிட்டால் ரூ.5,58,000 வருகிறது. இந்தத் தொகை ஓய்வு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் சேரும். மீதமுள்ள 42 நாள் ஈட்டிய விடுப்புக்கு ரூ.50,400 ஜூன் மாதச் சம்பளத்தோடு வரும்.

வருங்கால வைப்பு நிதிக்குப் படிவம் 19, மாத ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி. இவற்றை நிரப்ப எங்கள் அலுவலகத்தில் உதவுவோம். ஆதாரிலும் வைப்பு நிதிப் பதிவிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஓய்வூதியம் இழுத்தடிக்கும். ஓய்வூதியத்துக்குத் தங்கள் துணைவியாருடன் சேர்ந்து எடுத்த புகைப்படமும் தேவை. கருவிப் பெட்டி, அடையாள அட்டை, லாக்கர் சாவி ஆகியவற்றைக் கடைசி நாளில் ஒப்படைத்தால் போதும். பணிச் சான்று அன்றே கையில் தரப்படும்.

அலுவல் விவரங்கள் இவ்வளவே. ஆனால் தங்களுக்கு எழுதும் கடிதத்தை இதோடு முடிக்க மனம் வரவில்லை.

ஓடுகிற பிரேமின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இந்த பேரிங் இந்த வாரம் தாங்காது, மாத்திடலாம்" என்று தாங்கள் சொன்னால், ஷிப்ட் மேற்பார்வையாளர்கள் மறுபேச்சு பேசியதில்லை. கழற்றிப் பார்த்தால் அது தேய்ந்துதான் இருக்கும். இன்று மூன்று ஷிப்டிலும் தனித்து வேலை பார்க்கும் பிட்டர்களில் பெரும்பாலோர் தங்களிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர்கள். மெஷினை நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது என்பதில் தாங்கள் காட்டிய கண்டிப்பு அவர்கள் விரல்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்கெல்லாம் சம்பளப் பட்டியலில் தனிக் கணக்கு கிடையாது. நிர்வாகத்தின் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

ஜூன் 30 அன்று மாலை 4 மணிக்குப் பராமரிப்புக் கூடத்தில் பிரிவு உபசார விழா நடக்கிறது. மூன்று ஷிப்ட் ஆட்களும் கலந்துகொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம். குடும்பத்தோடு அவசியம் வாருங்கள்.

தாங்களும் குடும்பத்தாரும் நல்ல உடல்நலத்தோடு நீண்ட காலம் நிறைவாக வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மேலாளர், பணியாளர் துறை
(நிர்வாகத்திற்காக)

நகல்: கணக்குப் பிரிவு, நேரக் காப்பாளர் அலுவலகம், பணிக் கோப்பு